ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிச் சேலையா, விசைத்தறி காப்பியா? ஓரத்தையும் டேகையும் எப்படிப் பார்க்கணும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் காட்டன் சேலைக்கான கைத்தறிகள் இருக்கின்றன. பக்கத்தில், ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. இரண்டிலும் பருத்தி நூல்தான். அதனால் ‘பியூர் காட்டன்’ என்ற வார்த்தை, சேலை எந்தத் தறியில் நெய்தது என்பதைச் சொல்லாது. 1985-ம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட வகைச் சேலைகள் உள்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் ‘கைத்தறி’ என்ற பெயரில் விசைத்தறிச் சேலைகளும் விற்பனைக்கு வருகின்றன.

ஓரத்தில் என்ன தெரியும்?

நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த குச்சியை நெசவாளர் குறுக்கே குத்தி வைப்பார். கொஞ்சம் நெய்ததும் அதைக் கழற்றி நகர்த்துவார். அதனால் ஓரத்தில் சின்ன ஓட்டைகள் விட்டுவிட்டு, ஒழுங்கில்லாத இடைவெளியில் இருக்கும். விசைத்தறியில் சுழலும் ஊசி வளையம் துணியைப் பிடிப்பதால், ஓட்டைகள் வரிசையாக, சீராகத் தொடரும். ஓரத்தில் நூல் வெட்டப்பட்டு பிசிறாக நின்றால், அது நாடா இல்லாத நவீனத் தறி. ஒரு விஷயம்: துவைத்து இஸ்திரி போட்ட துணியில் ஓட்டைகள் மறைந்துவிடலாம். நாடா ஓடும் விசைத்தறியிலும் ஓரம் மூடியே வரும். அதனால் ஓரம் மட்டும் போதாது.

குறை இருந்தால் கைத்தறியா?

அவசியமில்லை. அங்கங்கே தடித்த நூலை விசைத்தறியிலும் போட்டு ‘கைத்தறி லுக்’ கொண்டுவரலாம். பார்க்க வேண்டியது நூலை அல்ல, ஊடை நூல்களுக்கு இடையிலான நெருக்கத்தை. கைத்தறியில் ஒவ்வொரு அடியையும் கை அடிக்கிறது, எல்லா அடியும் ஒரே மாதிரி விழாது. சேலையை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே லேசான பட்டைகள் தெரியும்.

உடல் பகுதியில் மூன்று இடத்தில் ஸ்கேல் வைத்து, மொபைலில் க்ளோஸ்-அப் எடுத்து, ஒரு அங்குலத்தில் எத்தனை ஊடை என்று எண்ணுங்க. உதாரணத்துக்கு 58, 63, 60 என்று மாறினால் கைத்தறிக்கு வாய்ப்பு அதிகம். மூன்றிலும் 60 என்றால் சந்தேகப்படலாம். நல்ல நெசவாளரின் கையில் வித்தியாசம் குறைவாகவும் இருக்கும்.

டேக் போட்டோவை நம்பலாமா?

2006-ல் வந்த கைத்தறி முத்திரை லேபிளில் தனி வரிசை எண் இருக்கும். ஆன்லைனில் விற்பவர் டேக் படம் போட்டால், எண் தெரியும்படி கேளுங்க. மூன்று வேறு நிறச் சேலைகளுக்கும் ஒரே எண் இருந்தால், ஒரே போட்டோவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று அர்த்தம். எண் சரியாக இருந்தாலும், டேக் அந்தச் சேலையில் தைத்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். டேக், ஓரம், முந்தி மூன்றும் ஒரே ஃபிரேமில் வரும் படம் கேளுங்க. தர மறுத்தால், கைத்தறி விலை கொடுக்க வேண்டாம்.