மிதப்பது வேறு, திரும்பி வருவது வேறு

பசறையிலிருந்தோ ஹாலி-எலவிலிருந்தோ கடல் பார்க்கப் புறப்படும் ஒவ்வொரு வானிலும் ஒரு பேச்சு கூடவே ஏறிக்கொள்கிறது: "லைஃப் ஜாக்கெட் போட்டா நீச்சல் தெரியாதவங்களும் ஸ்நோர்கல் பண்ணலாம், ஒண்ணும் ஆகாது." போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். கரையில் மாஸ்க்கும் குழாயும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். கேட்டவர்கள் அடுத்த வருடம் மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். இது பொய். ஆளைக் கொல்லக்கூடிய பொய். என் சின்னம்மா மகனை அது ஏறக்குறையக் கொண்டுபோய்விட்டது.

சில வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் விடுமுறையில் பதினான்கு பேர் நிலாவெளிக்குப் போனோம். அங்கிருந்து படகில் புறாத்தீவு. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் சின்னத் தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் கரையிலிருந்து சில எட்டு நீந்தினாலே பவளப்பாறை தொடங்கிவிடும். தம்பிக்கு வயது பத்தொன்பது. பதுளு ஓயாவில் இடுப்பளவுத் தண்ணீரில் குளித்ததைத் தவிர அவனுக்கு நீச்சல் பழக்கமே கிடையாது. ஜாக்கெட்டை மாட்டி, குழாயைக் கையில் கொடுத்து, "மூழ்கவே மாட்டீங்க தம்பி, தைரியமா போங்க" என்றார்கள். அவனும் போனான். மூழ்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மீன் பார்த்த தலையை நிமிர்த்தியபோது, தீவின் மணற்கரை எட்ட முடியாத தூரத்தில் இருந்தது. அந்த வழியாக வந்த இன்னொரு படகு அவனைத் தூக்கியது. கூச்சல் போட்டானா என்று கேட்டோம். மூச்சு இருந்தால்தானே கூச்சல் என்றான்.

அன்று நடந்ததைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நீரோட்டம் நொடிக்குக் கால் மீற்றர் வேகத்தில் இழுத்தது என்று வைத்துக்கொள்வோம். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது ஓட்டமாகவே தெரியாது; குழந்தை நடை அதைவிட வேகம். ஆனால் அந்த இழுப்பு நிமிடத்துக்குப் பதினைந்து மீற்றர், கால் மணி நேரத்தில் இருநூற்றிருபத்தைந்து மீற்றர் கொண்டுபோய்விடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருப்பவருக்கு நகர்வது தெரியாது. பாறையும் மீனும் அழகாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். தான் நீந்துவதால் போகின்றன என்று நினைத்துக்கொள்வார். ஜாக்கெட் அவரை மிதக்க வைத்தது உண்மை. எங்கே கொண்டுபோய் மிதக்க வைப்பது என்பதை முடிவு செய்தது நீரோட்டம்.

திரும்பி வரும்போதுதான் ஜாக்கெட்டின் மறுபக்கம் தெரியும். தடித்த மிதவை நெஞ்சைத் தூக்கும், கால்கள் கீழே இறங்கும், உடம்பு தண்ணீரில் நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்கும். அந்த நிலையில் காலை அடித்தால் முன்னே போவதில்லை, மேலும் கீழும்தான் ஆடுவோம். தளர்வாகக் கட்டிய ஜாக்கெட் கழுத்து வரை ஏறித் தாடையை முட்டும். நீச்சல் பழகிய ஒருவர் காலில் துடுப்பு மாட்டிக்கொண்டு எளிதாகக் கடக்கும் தூரத்தை, ஜாக்கெட்டோடு தவிக்கும் புதியவர் பாதியும் கடக்கமாட்டார். அதற்குள் தொடை கனத்துவிடும். களைத்தவர் அடுத்துச் செய்வது பவளத்தின் மேல் ஏறி நிற்பது. பாதம் கிழியும், நூறாண்டுப் பவளம் நொறுங்கும்.

படகில் போகும்போது ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படகு கவிழ்ந்தால் அதுதான் உயிர். தண்ணீரில் விழுந்தவருக்கு உதவி வரும்வரை காத்திருக்கச் செய்யப்பட்ட பொருள் அது. தானாகப் போய்த் தானாகத் திரும்பி வர வேண்டியவருக்கு அது நீச்சலின் இடத்தை நிரப்பாது.

குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையில் நாம் மூக்கால் மூச்சு விடுகிறோம். மாஸ்க் மூக்கை மூடிவிடும், வாயால் மட்டும்தான் விட முடியும். குழாய்க்குள் தங்கும் பழைய காற்றைத்தான் ஒவ்வொரு முறையும் முதலில் இழுக்கிறோம். ஆழமாக, நிதானமாக இழுத்தால் புதுக்காற்று போதிய அளவு வரும். பயந்துபோய்க் குட்டிக் குட்டியாக இழுத்தால் பழைய காற்றே நுரையீரலுக்கும் குழாய்க்கும் இடையில் சுற்றிக்கொண்டிருக்கும். மூச்சுத் திணறும், திணறல் பயத்தைக் கூட்டும், பயம் மூச்சை இன்னும் குறுக்கும். ஹவாயில் ஸ்நோர்கல் மரணங்களையும் தப்பிப் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களையும் ஆராய்ந்தவர்கள் இன்னொரு விளக்கத்தையும் முன்வைத்தார்கள். காற்றைச் சிரமப்பட்டு இழுக்கவைக்கும் குழாயில் தொடர்ந்து மூச்சு விடும்போது சிலருக்கு நுரையீரலுக்குள்ளேயே நீர் கசிந்து சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். தண்ணீரைக் குடிக்காமலே மூச்சு முட்டும், கை கால் சட்டென்று பலமிழக்கும். தத்தளிப்போ கையசைப்போ இல்லாமல் முகம் கீழே கிடந்தபடி ஆள் அடங்கிவிடலாம். இப்படிச் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கால் எட்டாத இடத்தில் இருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. சுற்றுலாப் படகுகளில் கொடுக்கும் ஜாக்கெட்டுகளில் பல, மயங்கியவரைத் தானாக மல்லாக்கத் திருப்பும் வகையைச் சேர்ந்தவை அல்ல. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குழாயைத் தொடவே வேண்டாம்.

ஆகவே நீந்தாமலே மூச்சு வாங்கினால் அது சாதாரணக் களைப்பு என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. குழாயைத் துப்பிவிட்டு, மல்லாக்கத் திரும்பி, வானத்தைப் பார்த்து மூச்சு விட்டு, கையை உயர்த்தி ஆட்டிக் கூப்பிட்டு வெளியேறுவதுதான் வழி.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் இந்தப் பொய்யை இவ்வளவு சுலபமாக நம்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். லயத்துக்குப் பக்கத்தில் நீச்சல் தடாகம் ஏது? இருப்பது ஓடை. மழை பெய்தால் மேல்மலையிலிருந்து சட்டென்று பெருகும், அடியெல்லாம் கல். துன்ஹிந்தை அருவிப் பக்கம் இறங்காதே என்று அடித்து வளர்த்த தாய்மார் செய்தது சரிதான். அப்படி வளர்ந்தவர்களிடம், ஜாக்கெட்டை மாட்டினால் இல்லாத நீச்சல் வந்துவிடும் என்று சொல்வது, கடல் தெரியாதவர்களின் ஆசையை வைத்துச் செய்யும் துரோகம்.

கடல் நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பதுளையிலிருந்து ஏ5 வீதி நேராகச் செங்கலடிக்கு இறங்குகிறது. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் பாசிக்குடா. வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர், அடி மணல். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் நமக்குக் கிட்டத்தில் இல்லை. முதல் நாளை அங்கே செலவழியுங்கள், புறாத்தீவு ஓடிப்போகாது.

முதலில் மாஸ்க். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் அளவு சரி. முன்முடி ஓரத்தில் அகப்பட்டாலோ மீசை தடித்திருந்தாலோ தண்ணீர் கசியும். பிறகு இடுப்பளவு நீரில் நின்றபடி குனிந்து, முகத்தை மட்டும் உள்ளே வைத்துக் குழாயில் மூச்சு விடுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை இழுப்பு, ஆறு எண்ணும்வரை விடுவது. அவசரமில்லாமல் ஐந்து நிமிடம் இப்படி விட முடிகிறவரை காலைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள். அடுத்து வேண்டுமென்றே குழாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரே மூச்சில் பலமாக ஊதி வெளியேற்றுங்கள். மாஸ்க்குக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, அண்ணாந்து மூக்கால் ஊதி அதையும் வெளியேற்றிப் பழகுங்கள். தண்ணீர் புகுந்தவுடன் மாஸ்க்கைப் பிடுங்கி எறியாமல் இதைச் செய்ய முடிகிறதா என்பதே பரீட்சை. அதன் பிறகு குப்புற அசையாமல் மிதப்பது, புரண்டு மல்லாக்க மிதப்பது, கடைசியில் துடுப்பு மாட்டிய காலை இடுப்பிலிருந்து நிதானமாக வீசிக் கரைக்கு இணையாக நீந்துவது. ஜாக்கெட் இல்லாமல், நிற்காமல், ஐம்பது மீற்றர் போய் ஐம்பது மீற்றர் வர முடியாதவர் ஆழத்துக்குப் போகும் கட்டத்துக்கு வரவில்லை.

வந்துவிட்டவரும் இறங்கியவுடன் மீன் பார்க்கக் கூடாது. கரையில் ஒன்றன் பின்னால் ஒன்றாக இரண்டு அடையாளங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: ஒரு படகு, அதன் பின்னால் ஒரு மரம். ஒரு நிமிடம் சும்மா மிதந்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் அவை விலகியிருக்கும் அளவே இழுப்பின் அளவு. பத்து மீற்றருக்கு மேல் நகர்ந்திருந்தால் நான் புதியவர்களை வெளியே வரச் சொல்லிவிடுவேன். இழுப்பு குறைவாக இருந்தால் முதலில் அதற்கு எதிராகப் போக வேண்டும். திரும்பும்போது களைத்த உடம்பை அதுவே கொண்டுவந்து விடும். தம்பி செய்தது இதற்கு நேர்மாறு. பாறைத்திட்டின் இடைவெளிகளைக் கிட்ட நெருங்கவே கூடாது. அலை மேலே கொட்டிய தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் பட்டையை நல்ல இடம் என்று எண்ணிப் போகிறவர்கள்தான் அங்கே அகப்படுகிறார்கள். அகப்பட்டால் எதிர்த்து அடிக்காமல் குறுக்கே, கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேற வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை ஆட்ட வேண்டும். அந்த நேரத்தில் ஜாக்கெட் உண்மையாகவே உதவும்.

காலமும் பார்க்க வேண்டும். நம் கையில் காசு புழங்குவது தீபாவளி முற்பணம் வரும்போது. பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை டிசம்பரில். அந்த மாதங்களில்தான் வடகீழ்ப் பருவக்காற்று வந்து கிழக்குக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும். அப்போது நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் மாஸ்க்கை வெளியே எடுக்கவே வேண்டாம். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. டிசம்பரில்தான் போக முடியும் என்றால் ஹிக்கடுவைப் பக்கம் போங்கள். அங்கேயும் காலையில் கரையில் நிற்கும் மீனவர் ஒருவரிடம் இன்றைக்குக் கடல் எப்படி என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தம்பி போன ஏப்ரலில் திரும்பவும் பாசிக்குடாவுக்கு வந்தான். நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று குழாயில் ஊதிக்கொண்டிருந்தான். ஜாக்கெட் மாட்டிய நாலு பையன்கள் சிரித்துக்கொண்டே அவனைக் கடந்து ஆழத்தை நோக்கிப் போனார்கள். அவன் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர்களைத் திரும்பக் கூப்பிட்டான்.