வேலையை விட்டுப் போகிறவரோடு ஓ.டி.பி-யும் போய்விடக் கூடாது!

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனி ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. லாரியில் பெட்டிகளை ஏற்றி, தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து, "பில் ரெடியாம்மா?" என்று கேட்கிறார். இ-வே பில் கையில் இல்லாமல் அந்த வண்டி ரோட்டில் ஏற முடியாது.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் டைரியைப் பார்த்து பாஸ்வேர்டைச் சரியாகவே அடிக்கிறார். அடுத்த திரை ஓ.டி.பி. கேட்கிறது. அந்த ஆறு எண்கள் போன மாதம் வேலையை விட்டுப் போன அக்காவின் போனுக்குப் போய்ச் சேர்கின்றன. அக்கா இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். போன் எடுக்கவில்லை. பட்டாசு ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கிறது.

இதில் யார் மீதும் தப்பு சொல்ல முடியாது. அக்கா பாஸ்வேர்டையெல்லாம் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால், ஒப்படைக்க வேண்டியது பாஸ்வேர்டு மட்டும் என்ற காலம் முடிந்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், இ-வே பில் தளத்துக்குள் நுழையும் எல்லா வியாபாரிகளுக்குமே ஓ.டி.பி. கட்டாயம். அதனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வேலையை விடும்போது எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில், 'ஓ.டி.பி. எந்த போனுக்கு வருகிறது?' என்ற வரிதான் முதலில் இருக்க வேண்டும்.

நம்பரை மாற்றுவதில் ஒரு வரிசை இருக்கிறது

பல சின்ன கம்பெனிகளில் ஜி.எஸ்.டி. பதிவு செய்யும்போது, அன்றைக்கு ஆபீஸில் யார் இருந்தாரோ அவருடைய நம்பரையும் மெயிலையும் கொடுத்திருப்பார்கள். அவரே அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகவும் இருப்பார். இ-வே பில் தளம் தனியாக இருந்தாலும், முதன்மைக் கணக்கின் நம்பரை அது ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறது. எனவே, முதலில் மாற்ற வேண்டியது `gst.gov.in`. அதன் பிறகுதான் `ewaybillgst.gov.in`.

ஜி.எஸ்.டி. தளத்தில் `Amendment of Registration Non-Core Fields` என்ற பகுதிக்குள் போய், புதிய கையொப்பதாரரைச் சேர்த்து, அவரை முதன்மையானவராகக் குறிக்க வேண்டும். புதிய நம்பரைச் சரிபார்க்க அந்த நம்பருக்கே ஓ.டி.பி. வரும். சிக்கல் கடைசிப் படியில்தான் இருக்கிறது. இந்த மாற்றத்தைச் சமர்ப்பிக்க ஒரு கையெழுத்து வேண்டும். கம்பெனி, எல்.எல்.பி. என்றால் டிஜிட்டல் கையெழுத்து. மற்றவர்கள் ஓ.டி.பி. மூலமே கையெழுத்திடலாம். ஆனால் அந்த ஓ.டி.பி. போவது, ஏற்கெனவே பதிவில் உள்ள பழைய நம்பருக்கு.

அதாவது, பழையவர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போதே செய்தால் இது சில நிமிட வேலை. அவர் போன பிறகு, கைக்கு எட்டவில்லை என்றால், உங்கள் பகுதிக்கான வரி அதிகாரியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தொழிலின் உரிமையாளர் யார், புதிய பொறுப்பாளர் யார் என்பதற்கான ஆவணங்களைக் காட்டினால், அவர் சரிபார்த்துப் புதிய மெயிலையும் நம்பரையும் பதிவேற்றுவார். தற்காலிக பாஸ்வேர்டு புதிய மெயிலுக்கு வரும். வழி இருக்கிறது என்றாலும், லாரி வாசலில் நிற்கும்போது அந்த வழியில் நடந்து முடிக்க முடியாது.

இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. இ-வே பில் தளத்தில் முதன்மைக் கணக்கை முதலாளி வைத்துக்கொண்டு, பில் போடுகிறவருக்குத் தனியாகத் துணைப் பயனர் கணக்கு உருவாக்கலாம். அவருடைய ஓ.டி.பி. அவருடைய போனுக்கே வரும். அவர் வேலையை விட்டால் அந்த ஒரு கணக்கை மட்டும் முடக்கினால் போதும். முதன்மைக் கணக்குக்கு எதுவும் ஆகாது.

பில் போட்டு வண்டி கிளம்பிவிட்டாலும் லாகின் தேவைப்படும். இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. 1,150 கிலோமீட்டர் போக வேண்டிய வண்டிக்கு 6 நாள் கிடைக்கும். வழியில் மழை, பஞ்சர் என்று தாமதமானால் நீட்டிக்க வேண்டும். அதற்கும் கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து, முடிந்து 8 மணி நேரம் வரைதான் அவகாசம். ராத்திரி 12 மணிக்கு முடிகிற பில் என்றால், சாயங்காலம் 4 மணியில் இருந்து மறுநாள் காலை 8 மணி வரை. நீட்டிப்பது நீங்களா, லாரி ஆபீஸா என்பதையும், அந்த நேரத்தில் ஓ.டி.பி. வரும் போன் யார் கையில் இருக்கும் என்பதையும் குறிப்பில் எழுதத்தான் வேண்டும்.

90 நாள் கணக்கு

'அக்கா நல்லவங்க, எப்ப கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லுவாங்க' என்று சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். அக்கா மாறாமல் இருக்கலாம். அவருடைய நம்பர் மாறலாம். ஆபீஸ் சிம் என்று தனியாக வாங்கி டிராயரில் போட்டு வைத்த நம்பருக்கும் இதே ஆபத்து உண்டு. தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் அதை ரீசார்ஜ் செய்ய யாருக்கும் ஞாபகம் வராது.

பயன்படுத்தாத நம்பர் துண்டிக்கப்பட்டால், 90 நாள்களுக்குப் பிறகு அதை வேறொருவருக்குக் கொடுக்க டெலிகாம் நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்தக் கணக்கைத் தெரிவித்தது. பழைய நம்பரோடு இணைந்த தகவல்களைப் பாதுகாத்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்றது நீதிமன்றம். அப்படி ஆகிவிட்டால், உங்கள் கம்பெனியின் ஓ.டி.பி. முகம் தெரியாத ஒருவரின் போனில் விழும்.

ஒருவர் வேண்டுமென்றே மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு கதை இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தின் நெட்வொர்க்கைக் கவனித்துவந்த டெரி சைல்ட்ஸ், அதன் பாஸ்வேர்டுகளை மேலதிகாரிகளிடம் தர மறுத்தார். அவை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கைதான பிறகும் சொல்லவில்லை. கடைசியில், சிறைக்கே தேடி வந்த மேயர் கேவின் நியூசமிடம்தான் சொன்னார். 2010-ல் அவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கே மறுத்த ஆளாவது எதிரே இருந்தார், கேட்க முடிந்தது. கைமாறிப்போன சிம்மிடம் யார் போய்க் கேட்பது?

கெடு தேதி ஒன்று, தொடங்கும் தேதி இன்னொன்று

புதுப்பிக்கும் தேதிகளை எழுதும்போது பலரும் முடியும் தேதியை மட்டும் எழுதுகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அதனால் பாதிப் பயன்தான். வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்பதே அவருக்குத் தேவை.

தொழிற்சாலை உரிமத்தைப் பாருங்கள். அது முடிவது டிசம்பர் 31. ஆனால் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டியது அக்டோபர் 31-க்குள். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். அதாவது, ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லாத அதே வாரங்களில்தான் இந்தக் கெடுவும் வருகிறது. குறிப்பில் 'செப்டம்பர் 1-ல் காகிதங்களை எடு' என்று எழுதினால்தான் இது நடக்கும். பெசோ தரும் வெடிபொருள் உரிமம், எந்த ஆண்டு வரை கொடுத்திருக்கிறார்களோ அந்த ஆண்டின் மார்ச் 31-ல் முடியும். ஐந்து ஆண்டுகள் வரை தருவார்கள் என்பதால், வாங்கியபோது இருந்தவர் புதுப்பிக்கும்போது இருக்க மாட்டார். குறிப்பு மிகவும் தேவைப்படும் இடம் இதுதான்.

முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனுக்கும் ஆயுள் உண்டு. அதிகபட்சம் 3 ஆண்டுகள். அதன் பின் நம்பரைத் தப்பாகப் பலமுறை அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். திறக்க முடியாமல் போனால், புதிதாக வாங்கி ஒவ்வொரு தளத்திலும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அந்த பின் நம்பர் முதலாளியிடம் இருக்க வேண்டியது. குறிப்பில் அதை எழுதக் கூடாது.

குறிப்பு எப்படி இருக்கலாம்?

ஒரு பக்கம் போதும். மாதிரிக்கு:

- இ-வே பில்: முதன்மைக் கணக்கு முதலாளியிடம். ஓ.டி.பி. ஆபீஸ் சிம்முக்கு வரும். உனக்குத் துணைப் பயனர் கணக்கு உண்டாக்கியாச்சு. என் கணக்கை முடக்கியாச்சு.
- ஜி.எஸ்.டி.: மாதாமாதம் 11-ம் தேதி `GSTR-1`, 20-ம் தேதி `GSTR-3B`. இரண்டு மாதம் தொடர்ந்து `GSTR-3B` விட்டால் இ-வே பில் போடுவது தடைபடும். மீட்பு நம்பர்: ஆபீஸ் சிம். மீட்பு மெயில்: கம்பெனி மெயில்.
- ஆபீஸ் சிம்: முதலாளி பெயரில். போன் அண்ணாச்சி மேஜையில் இருக்கும். ரீசார்ஜ் முடியும் தேதி போனின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது.
- தொழிற்சாலை உரிமம்: முடிவது டிசம்பர் 31. விண்ணப்பக் கெடு அக்டோபர் 31. தொடங்குவது செப்டம்பர் 1.
- வெடிபொருள் உரிமம்: முடியும் ஆண்டு கோப்பின் முதல் பக்கத்தில். அந்த ஆண்டு மார்ச் 31-க்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஜனவரியிலேயே தொடங்கு.
- டோக்கன்: முதலாளியின் பீரோவில். முடியும் தேதி உறையின் மேல். பின் நம்பர் அவருக்குத்தான் தெரியும்.
- பாஸ்வேர்டுகள்: ஒட்டிய கவரில், முதலாளியிடம். இந்தத் தாளில் எதுவும் இல்லை.

கடைசி வரி முக்கியம். இந்தத் தாளை யாராவது போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கம்பெனிக்கு நஷ்டம் வரக் கூடாது. எது எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் தாள் சொல்லட்டும்.

எழுதியது சரியா என்று தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. பழையவரின் கடைசி வாரத்தில் ஒரு நாள், அவர் தன் போனை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். புதியவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாத் தளங்களிலும் நுழைந்து, ஓர் இ-வே பில்லும் போட்டுப் பார்க்கட்டும். எங்கே நின்று, "அக்கா, இது யாருக்குப் போகுது?" என்று கேட்கிறாரோ, அந்த வரி தாளில் விடுபட்டிருக்கிறது. அதை அன்றைக்கே, பழைய நம்பர் கையில் இருக்கும்போதே சரி செய்துவிடலாம்.