பிடித்த வரிக்கு யார் பொறுப்பு?

ஒரு பொறியாளர் தம் ஆலோசனைக்காக நிறுவனம் ஒன்றிடம் 1,00,000 ரூபாய் கேட்கிறார். நிறுவனம் 10 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு 90,000 ரூபாய் தருகிறது. பிடித்த 10,000 ரூபாய் நிறுவனத்தின் பணமல்ல. அரசுக்குச் செலுத்த வேண்டிய கடன். பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அதைக் கட்டிவிட வேண்டும். பொறியாளர் கணக்கிலோ வருமானம் முழு 1,00,000 ரூபாய்தான். அந்த 10,000 அவர் முன்கூட்டியே செலுத்திய வரி.

நிறுவனம் பிடித்த தொகையைக் கட்டாமல் விட்டால், பொறியாளரின் 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறாது. வரித் துறையின் கணினி அவருக்கு வரவு தராமல், அதே வரியை மீண்டும் கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறது. பிடித்த வரியை வருமானம் பெற்றவரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியமும் 2015இல் அறிவுறுத்தியது. ஆனால் வசூலை நிறுத்துவது வேறு, வரவு கொடுப்பது வேறு. வரவு கிடைக்காதவரின் ரீஃபண்டு முடங்கிக் கிடக்கிறது.

இது அநீதி. பில்லும் வங்கிக் கணக்கும் பிடித்தம் நடந்ததைக் காட்டினால், வரவு தரப்பட வேண்டும். பாக்கியை வட்டியுடன் நிறுவனத்திடமே வசூலிக்க வேண்டும். வரி பிடிக்கப்பட்டவர்களும் காலாண்டுதோறும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்து, விடுபட்டதை உடனே எழுத்தில் கேட்க வேண்டும்.