சேர்ந்து ஆடுவது வேறு, சேர்த்ததைக் கொண்டு செல்வது வேறு

ஒருகொடவத்தையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளின் கணினி விளையாட்டுகளுக்காகப் பணம் செலுத்தும் பெற்றோர் பலர் உள்ளனர். கையடக்கத் தொலைபேசியில் தொடங்கியதைக் கணினியிலோ பிளேஸ்டேசனிலோ தொடரலாம் என்பது அவர்களது நம்பிக்கை. அந்நம்பிக்கை எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்துவதில்லை என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

இங்கு இரு வேறு வசதிகள் குழப்பிக் கொள்ளப்படுகின்றன. வெவ்வேறு கருவிகளில் இருப்போர் ஒரே ஆட்டத்தில் சந்திப்பது 'கிராஸ்பிளே'. ஒருவர் ஈட்டிய நிலையும் பொருட்களும் அவருடன் அடுத்த கருவிக்குச் செல்வது 'கிராஸ் புரோகிரஷன்'. முதலாவது இருப்பதால் இரண்டாவதும் இருக்கும் என்று கொள்ள முடியாது.

'கென்ஷின் இம்பாக்ட்' இதற்குத் தக்க சான்று. 2020 செப்டெம்பரில் வெளியானபோதே தொலைபேசி, கணினி, பிளேஸ்டேசன் ஆகிய மூன்றிலும் இருப்போர் சேர்ந்து ஆட முடிந்தது. ஆயினும் பிளேஸ்டேசனில் ஈட்டியது அங்கேயே தங்கியது. 2021 ஜூலையில்தான் அத்தடை நீங்கியது. இன்றும் ஆசியா, ஐரோப்பா என ஒவ்வொரு சேர்வருக்கும் தனிக் கணக்கே உண்டு. தொலைபேசியில் ஆசிய சேர்வரில் ஆடியவர் பிளேஸ்டேசனில் ஐரோப்பாவைத் தெரிவு செய்தால், தொடக்கத்திலிருந்தே ஆட வேண்டும். இரு இடங்களில் சேர்த்ததை ஒன்றாக்கவும் முடியாது. ஆகவே, புதிய கருவியில் முதன்முறை திறக்கும்போதே பழைய கணக்கை இணைத்து, அதே சேர்வரைத் தெரிவு செய்ய வேண்டும். அவ்வாறு செய்தாலும், பிளேஸ்டேசன் கடையில் பணம் கொடுத்து வாங்கும் 'ஜெனசிஸ் கிறிஸ்டல்' பிற கருவிகளில் செல்லுபடியாகாது.

காரணம் தொழில்நுட்பம் மட்டுமன்று. கடை உரிமையாளர் தம் கடை வழியே நடக்கும் விற்பனையில் பங்கு பெறுகின்றார். வேறிடத்தில் வாங்கியதைத் தம் கருவியில் அனுமதிக்க அவர் தயங்குவது இயல்பே. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்கு சோனி நிறுவனம் 2018 செப்டெம்பர் வரை கதவைத் திறக்காதிருந்ததும் நினைவிருக்கலாம்.

நம் இளைஞர்களுக்கு நன்கு அறிமுகமான 'பப்ஜி மொபைல்' இவ்விரு வசதிகளையும் கணினிப் பதிப்புடன் பகிர்வதில்லை. கணினியிலுள்ள பப்ஜி பெயரளவில் உறவே தவிர, வேறொரு விளையாட்டு. தொலைபேசியில் வாங்கிய உடையோ ஆயுத அலங்காரமோ அங்கு வராது. எமுலேட்டர் மூலம் கணினித் திரையில் ஆடப்படுவதும் தொலைபேசிப் பதிப்பே. அவ்வாறு ஆடுவோர் தம்மைப் போன்றோருடனேயே சேர்க்கப்படுகின்றனர்.

இலங்கையருக்கு மேலுமொரு சிக்கல் உண்டு. சோனியின் இணையச் சேவை அதிகாரபூர்வமாக இயங்கும் நாடுகளின் வரிசையில் 2024 இலும் இலங்கை இருக்கவில்லை. எனவே இங்குள்ளோர் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறக்கின்றனர். அந்நாட்டைப் பின்னர் மாற்ற இயலாது. வேற்று நாட்டு விபரங்களுடன் திறந்த கணக்கை இழந்தால் மீட்பதும் எளிதன்று.

ஆகவே பணம் செலுத்துமுன் கேட்க வேண்டியது, "நண்பனுடன் ஆடலாமா?" என்பதன்று. "வாங்கியது எந்தக் கருவியில் தெரியும்?" என்பதே.