மீண்டும் மீண்டும் விழித்தெழும் தொலைபேசியும் பழைய சொந்தக்காரரின் பூட்டும்

கைத்தொலைபேசி ஒன்று திடீரென அணைந்து, தயாரித்தவரின் சின்னத்தைக் காட்டி எழுந்து, சில கணங்களில் மறுபடியும் அணைந்து, இவ்வாறே ஓயாது சுழன்று கொண்டிருப்பதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். இஃது ஏன் நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, 2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில் உலகெங்கும் பேசப்பட்ட ஒரு விந்தையான நிகழ்ச்சி நமக்கு உதவும்.

அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலுள்ள சென்ற் மேரி ஏரியின் அழகிய படமொன்றைப் பலர் தத்தம் தொலைபேசித் திரையின் பின்னணியாக அமைத்தனர். உடனே சாம்சங், கூகிள் நிறுவனங்களின் தொலைபேசிகள் பல இந்தச் சுழற்சியில் அகப்பட்டன. படத்தில் நச்சு நிரல் எதுவும் இருக்கவில்லை. அது வழமைக்கு மாறான, மிக விரிந்த வண்ண முறையொன்றிற் சேமிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அன்ட்றொயிட் 10 என்னும் இயக்க மென்பொருள், பின்னணிப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளியுடையது என்று கணக்கிட்டு, 0 முதல் 255 வரை இலக்கமிட்ட 256 அறைகளில் வகைப்படுத்தும். இப்படத்திலோ கணக்கின் முடிவு 255ஐத் தாண்டிவிட்டது. இல்லாத அறையைத் தேடிய மென்பொருள் நிலைகுலைந்து விழுந்தது. தொலைபேசி மீண்டும் எழுந்ததும் முதல் வேலையாக அதே படத்தை எடுத்தது, மறுபடியும் விழுந்தது.

சுழற்சியின் இரகசியம் இதுவே. எழும் வழியிற் கட்டாயமாகச் செய்யவேண்டிய ஒரு வேலை ஒவ்வொரு முறையும் தோல்வியுறுகிறது. அந்த வேலை பின்னணிப் படமாக இருக்கலாம்; இடையில் அறுந்துபோன மென்பொருட் புதுப்பித்தலாக இருக்கலாம்; நலிந்த பற்றரியாகவோ உள்ளே அழுந்திச் சிக்கிக்கொண்ட பொத்தானாகவோ இருக்கலாம். ஆகவே, எந்த இடத்தில் விழுகிறது என்று கண்டுகொள்வதே வைத்தியத்தின் முதற்படி.

கொட்டாஞ்சேனையில் ஜம்பெட்டா வீதியில் வசிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். ரொறன்ரோவிலுள்ள அவளுடைய அண்ணன் தான் பாவித்த சாம்சங் தொலைபேசியை, அதிலிருந்த தனது கூகிள் கணக்கை அகற்றாமலே, அவளுக்கு அனுப்பியிருக்கிறான். திரைப்பூட்டின் இலக்கத்தை மாத்திரம் சொல்லியிருந்தான். அவளும் அதையே பாவித்து வந்தாள். ஒருநாள் தொலைபேசி சுழலத் தொடங்குகிறது. அவள் செய்யவேண்டியது யாது?

முதலில் மேலுறையைக் கழற்றிப் பொத்தான்கள் தாராளமாக அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் வெளியே எடுத்துவிட்டு, நல்ல மின்னேற்றியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பின்னர் மின் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால், தொலைபேசி கட்டாயமாக அணைந்து எழும். சாம்சங் சின்னம் தோன்றும்போது ஒலி குறைக்கும் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால், Safe mode என்ற எழுத்துக்களுடன் அது திறக்கலாம். இந்நிலையில் நாம் பின்னர் சேர்த்த செயலிகள் இயங்கா. இங்கே தொலைபேசி விழாமல் நின்றால், குற்றம் பெரும்பாலும் அண்மையிற் சேர்த்த செயலியொன்றினதே. அதை அகற்றினாற் போதும்.

அவ்வாறு திறக்காவிடின், அணைந்த நிலையில் மின் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி மீட்புப் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். புதிய சாம்சங் தொலைபேசிகளிற் பல, கணனியுடன் கம்பியால் இணைந்திருந்தால் மாத்திரமே இதற்கு இடங்கொடுக்கும். இந்தப் பட்டியலில் நிற்கும்போதே தொலைபேசி அணைந்து எழுமானால், பழுது மென்பொருளில் அன்று, பற்றரியிலோ பொத்தானிலோ பலகையிலோ இருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான். அசையாமல் நின்றால் Wipe cache partition என்ற வரியைத் தெரிவுசெய்யலாம். அது தற்காலிகக் கோப்புகளை மாத்திரம் துடைக்கும், படங்களுக்குத் தீங்கில்லை.

இறுதியாக எஞ்சுவது Wipe data/factory reset என்ற வரி. இதை அழுத்துமுன் நன்கு யோசிக்க வேண்டும். தொலைபேசியிலுள்ள யாவும் மறைகுறியாக்கப்பட்டே எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வரி அந்தக் குறியின் திறவுகோலையே அழித்துவிடுவதால், வேறிடத்தில் பிரதி இல்லாத படங்களைப் பின்னர் எவராலும் மீட்க முடியாது.

நம் மாணவி வேறு வழியின்றி அதனை அழுத்துகிறாள். சுழற்சி நிற்கிறது, வரவேற்புத் திரை வருகிறது. ஆனால் அண்ணனின் கூகிள் கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ தந்தாலன்றி முன்செல்ல முடியாது என்கிறது தொலைபேசி. எல்லாம் அழிந்த பின்னர் பழைய கணக்கு மட்டும் எப்படி எஞ்சியது?

தொலைபேசியின் நினைவகம் பல அறைகளாகப் பிரிக்கப்பட்ட வீடு போன்றது. மீளமைத்தல், நாம் புழங்கிய பெரிய அறையையே வெறுமையாக்குகிறது. உரிமையாளர் யார் என்ற குறிப்போ வேறொரு சிறிய அறையில் இருக்கிறது. துடைப்பம் அங்கே செல்லாது. இது மறதியால் நேர்ந்ததன்று. பொத்தான்களை அழுத்தித் துடைப்பவர் உரிமையாளரா, திருடரா என்று தொலைபேசிக்குத் தெரியாது. முன்னாளில் திருடிய தொலைபேசியைத் துடைத்துப் புதியதுபோல் விற்பது எளிதாயிருந்தது. அதைத் தடுக்கவே கூகிள் 2015இல் அன்ட்றொயிட் 5.1 பதிப்புடன் இப்பூட்டைக் கொணர்ந்தது. அப்பிள் நிறுவனம் அதற்கு முன்னரே, 2013இல், இத்தகைய பூட்டை ஐபோனிற் புகுத்தியது. தொலைபேசியின் அமைப்புகளுக்குள்ளே சென்று, திரைப்பூட்டின் இலக்கத்தைக் கொடுத்து மீளமைத்தால் மட்டும், செய்பவர் உரிமையாளரே என்று அன்ட்றொயிட் நம்பி அந்தக் குறிப்பையும் அழித்துவிடுகிறது. சுழலும் தொலைபேசியில் அவ்வழி அடைபட்டிருப்பதே இங்குள்ள சங்கடம்.

மாணவிக்கு நேரிய வழி உண்டு. அண்ணன் சொன்ன பழைய இலக்கம் நினைவிலிருந்தால், அதைக் கேட்கும் திரையிற் கொடுத்துப் பார்க்கலாம். இல்லையேல் அண்ணனை அழைத்து, அவன் விழித்திருக்கும் வேளையில் அவனுடைய மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் இட வேண்டும். உறுதிப்படுத்தும் இலக்கம் ரொறன்ரோவிலுள்ள அவனுடைய தொலைபேசிக்கு வரக்கூடும் என்பதாலேயே அவன் விழித்திருப்பது அவசியம். அவன் கடவுச்சொல்லை மறந்திருந்தால், தான் வழமையாகப் பாவிக்கும் கருவியிலிருந்தே அதை மாற்ற வேண்டும். மாற்றிய பின்னர் 24 மணி நேரம் பொறுத்திருப்பது நன்று. புதிதாக மாற்றிய கடவுச்சொல்லை இப்பூட்டு உடனே ஏற்காதிருக்கலாம். திறந்தவுடன் அண்ணனின் கணக்கை அகற்றித் தன்னுடையதைச் சேர்த்துவிட்டு, அவனைக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொல்வதே ஒழுங்கு.

பூட்டை உடைத்துத் தருவோம் என்பாரும் உளர். மென்பொருளின் ஓட்டைகளினூடே நுழைவதே அவர்தம் உபாயம். புதிய பதிப்புகளில் அவ்வோட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. அதனினும் முக்கியமாக, உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாத தொலைபேசி உண்மையில் யாருடையது என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது.

பாவித்த தொலைபேசியைக் காசு கொடுத்து வாங்குவோர் ஒன்று செய்யலாம். விற்பவர் முன்னிலையிலேயே அமைப்புகளுக்குட் சென்று, அவர் தமது கணக்கை அகற்றி, அங்கிருந்தே மீளமைக்கச் சொல்லுங்கள். பின்னர் வைபை இணைப்புக் கொடுத்து, புதிய கணக்கைச் சேர்க்கும் கட்டம் வரை தொடங்கிப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்குமானால், விற்பவர் அருகிலிருக்கும்போதே அது தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் தொலைபேசிக்கும் இதே விதிதான்: பெட்டியில் இடுமுன் கணக்கு அகற்றப்பட்டிருத்தல் வேண்டும்.