டிஸ்க்கை மாத்தியாச்சு... ஸ்டீயரிங் ஏன் இன்னும் உதறுது?

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கார் வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போது மட்டும் ஓட்டுபவர்கள் உண்டு. கடல் காற்றில் ஆறு மாதம் நின்ற அப்படியொரு கார், அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14-ஐத் தாண்டவில்லை. டவுனை நெருங்கும்போது இடது முன்சக்கரத்தில் கருகல் வாடை. பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது.

"டிஸ்க் வளைஞ்சுடுச்சு" என்று டிஸ்க்கையும் பேடையும் மாற்றிக் கொடுப்பார்கள். சில வாரம் நன்றாக ஓடும். பிறகு அதே வாடை, அதே உதறல். காரணம், டிஸ்க்கைச் சூடாக்கிய காலிப்பரை யாரும் தொடவில்லை!

டிஸ்க்கின் இருபுறமும் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் கிடுக்கிதான் காலிப்பர். பெரும்பாலான கார்களில் ஒரு பக்கம் மட்டுமே பிஸ்டன் இருக்கும். அது உள்பக்கப் பேடைத் தள்ள, காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுக்கும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் ஈரமும் உப்பும் உள்ளே போய் துருப்பிடிக்கும். பிறகு காலை எடுத்தாலும் காலிப்பர் விடாது. பேடு உரசியபடியே ஓடுவதால்தான் வாடையும் மைலேஜ் நஷ்டமும்.

அந்தச் சூட்டில் டிஸ்க் அப்பளம்போல வளைவது அரிது. பேடின் துகள் திட்டுத்திட்டாக ஒட்டியும், சில இடம் கூடுதலாகத் தேய்ந்தும் கனம் மாறிவிடுகிறது. ஒரு தாளின் கனத்தைவிடக் குறைவான வித்தியாசமே உதறலுக்குப் போதும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மைக்ரோமீட்டர் வைத்துப் பல இடங்களில் அளக்க வேண்டும்.

சிக்கிய சக்கரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அதிகம் பிரேக் போடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போனால் போதும், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மிச்சம் மெக்கானிக் வேலை. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கையால் சுற்றக் கஷ்டப்படும். காலிப்பரில் காற்று எடுக்கும் சின்ன நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் சுலபமாகச் சுற்றினால், ஆயில் திரும்பிப் போகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் உள்ளே அடைத்த ரப்பர் ஹோஸ். அப்போதும் இறுகியே இருந்தால் பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது. பின் என்றால் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவி, புது ரப்பர் உறை போட்டாலே பல நேரம் சரியாகிவிடும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்து மறுபடி சிக்கவைக்கும். பிஸ்டன் துருவேறி அரித்திருந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டியிருக்கும்.

டிஸ்க்கில் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போகாது என்றால் கடைசல் பிடிக்கலாம். போகும் என்றால் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். பில் கொடுக்கும் முன் பழைய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே சக்கரத்தில் ஒன்று வழுவழுவென்று தேய்ந்து, மற்றது பாதி மிச்சமிருந்தால், காலிப்பரைக் கழற்றிப் பார்த்தார்களா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.