கேள்வி வேடமிட்ட தீர்ப்பு

“ஐம்பது லட்சம் கிடைக்கும் என்றா நினைக்கிறீர்கள்?” தனி அமர்வில் ஒரு தரப்பிடம் இப்படிக் கேட்டுவிட்டு, அதை ‘ரியாலிட்டி டெஸ்டிங்’ என்று அழைக்கும் சமரசர்கள் உண்டு. வடிவத்தில் அது வினா; பொருளில் தீர்ப்பு. ‘என்றா’ என்பதன் இறுதியிலுள்ள ஆகாரம் விடையை எதிர்பார்ப்பதில்லை. ‘கிடைக்காது’ என்று தானே முடித்துவிடுகிறது. சமரசர் எந்தத் தீர்வையும் திணிக்கக் கூடாது என்கிறது 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம். திணிப்பு கட்டளை வாக்கியத்தில்தான் வரும் என்று எண்ணுவது பேதைமை.

மெய்யான சோதனை எப்படி இருக்கும்? சாலை விபத்தில் 35 வயதுச் சுயதொழிலாளி ஒருவர் இறந்தார் என்று கொள்வோம். மனைவியும் இரு பிள்ளைகளும் 50 லட்சம் கேட்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் 12 லட்சம் தர முன்வருகிறது. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகளின்படி இறந்தவரின் மாத வருமானத்துடன் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, ஆண்டுத் தொகையை 16-ஆல் பெருக்க வேண்டும். இறுதிச் சடங்கு முதலிய சிறு தொகைகளை இங்கே ஒதுக்கிவைக்கலாம். மாதம் 15,000 ரூபாய் என்றால் இழப்பீடு 26,88,000 ரூபாய்.

இந்தச் சூத்திரம் சமரசரின் கருத்தன்று. இரு தரப்புக்கும் பொதுவான அளவுகோல். அதைப் பின்னோக்கிப் போட்டால் 50 லட்சத்துக்கு மாத வருமானம் ஏறத்தாழ 28,000 ரூபாய் இருந்திருக்க வேண்டும். ஆகவே மனைவியிடம் கேட்க வேண்டிய வினா: “அவ்வளவு வருமானத்தைத் தீர்ப்பாயத்தில் காட்ட எந்தெந்த ஆவணங்கள் உள்ளன?” 12 லட்சமோ 6,700 ரூபாயைத்தான் வருமானமாகக் கொள்கிறது. எனவே நிறுவனத்திடம், அதன் தனி அமர்வில்: “மூவரைக் காப்பாற்றியவர் மாதம் 6,700 ரூபாய்தான் ஈட்டினார் என்று எந்தச் சான்றைக் கொண்டு வாதிடுவீர்கள்?” இரண்டும் ஒரே வாக்கிய அமைப்பு, ஒரே அளவுகோல். நடுநிலை என்பது சமரசரின் முகபாவத்தில் இல்லை. இந்தச் சமச்சீரில் இருக்கிறது. ஒரு தரப்பிடம் மட்டும் கேட்கப்படும் மென்மையான கேள்வியும் பக்கச்சார்பே.

“வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, கணக்குப் போட நேரம் ஏது?” என்பார்கள். மேற்கண்ட கணக்குக்கு ஒரு தாளும் சில நிமிடங்களும் போதும். “எளியவருக்கு உண்மையை நேராகச் சொல்வதுதானே நன்மை?” என்றும் கேட்பார்கள். ஆனால் சொல்லப்படுவது உண்மையன்று, முன்கணிப்பு. அதுவும் நீதிமன்ற வளாகத்தில் அமர்ந்திருப்பவர் வாயிலிருந்து வரும் முன்கணிப்பு. எளியவர் காதில் அது நீதிபதியின் குரலாகவே விழும்.

சோதனை தவறியதை அறிவது கடினமன்று. தரப்பினர் ஆவணங்களைப் புரட்டாமல் வழக்கறிஞர் முகத்தைப் பார்த்து, “நீங்களே ஒரு தொகை சொல்லுங்கள் ஐயா” என்றால் அங்கே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. தானே பென்சிலை எடுத்து, “20,000 வரை காட்ட முடியும்; அப்படியானால் எவ்வளவு வரும்?” என்று கேட்டால் சோதனை நடந்திருக்கிறது. அதன்பின் அவர் 50 லட்சத்திலேயே நின்று வழக்கை நடத்த விரும்பினாலும் அது சமரசரின் தோல்வியன்று. கோரிக்கையைக் குறைக்கவைப்பது அவர் பணியே அன்று.